கைவிட்ட கல் ஏன் அந்தரத்தில் நிற்பதில்லை?

ஐந்து மீட்டர் உயர மாடியிலிருந்து ஒரு கல்லைக் கீழே விடுகிறோம். எறிவதில்லை, விரல்களைத் திறப்பதோடு சரி. ஏறக்குறைய ஒரு விநாடியில் அது தரையில் கிடக்கும். கணக்கு எளிதாக வர வேண்டும் என்பதற்காகக் காற்றின் தடையை விட்டுவிடுவோம். புவியீர்ப்பு முடுக்கத்தை 9.8 என்று எழுதாமல் 10 என்றே வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூட இயற்பியல் சொல்வது இதுதான்: கல் y மீட்டர் இறங்கியிருக்கும்போது அதன் வேகம் விநாடிக்கு √(20y) மீட்டர். தரையைத் தொடும்போது y = 5. வேகம் √100, அதாவது 10.

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம். விநாடிக்கு எத்தனை மீட்டர் என்று கேட்காமல், மீட்டருக்கு எத்தனை விநாடி என்று கேட்போம். தரைக்குப் பக்கத்தில், போகிற வேகத்தில், ஒரு மீட்டரைக் கடக்க 0.1 விநாடி போதும். கல் 5 சென்டிமீட்டர் மட்டுமே இறங்கியிருக்கும் இடத்தில் வேகம் விநாடிக்கு 1 மீட்டர்; அங்கே கணக்கு மீட்டருக்கு 1 விநாடி. அரை மில்லிமீட்டர் இறங்கிய இடத்தில் மீட்டருக்கு 10 விநாடி. இன்னும் மேலே, மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு இறங்கிய இடத்தில், மீட்டருக்கு 100 விநாடி. விரலை விட்ட அதே புள்ளியில் வேகம் பூச்சியம். அங்கே மீட்டருக்கு எத்தனை விநாடி? முடிவிலி.

கல் விழ எடுக்கும் மொத்த நேரம் வேண்டுமென்றால், மேலிருந்து கீழ் வரை இந்த ‘மீட்டருக்கு இத்தனை விநாடி’ எல்லாவற்றையும் அந்தந்தத் துண்டின் நீளத்தால் பெருக்கிக் கூட்ட வேண்டும். கூட்டல் தொடங்கும் இடத்திலேயே முடிவிலி உட்கார்ந்திருக்கிறது. ஆனாலும் விடை 1 விநாடி. கல் அந்தரத்தில் யோசித்துக்கொண்டு நிற்பதில்லை.

கல்லூரி முதலாண்டு கணிதப் புத்தகத்தில் இந்த வகைக் கூட்டலுக்கு ‘முறையற்ற தொகையீடு’ என்று பெயர். தொகையிட வேண்டிய சார்பு, எல்லையின் ஒரு முனையில் முடிவிலிக்கு எகிறிவிடுகிறது. புத்தகம் தருகிற முதல் எடுத்துக்காட்டு பெரும்பாலும் 1/√x, எல்லை 0 முதல் 1 வரை. மாணவர்கள் 2 என்று விடை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். முடிவில்லாத உயரத்துக்குக் கீழே இருக்கிற பரப்பு எப்படி வெறும் 2 ஆயிற்று என்று கேட்க நேரம் இருப்பதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். அதற்கு நுண்கணிதம்கூட முதலில் வேண்டாம். துண்டு போடத் தெரிந்தால் போதும்.

நாலில் ஒன்றாக வெட்டினால்

ஐந்து மீட்டர் பாதையைச் சமமாக வெட்டாமல், கீழிருந்து இப்படி வெட்டுவோம். முதல் துண்டு 5 மீட்டர் ஆழத்திலிருந்து அதன் கால்பங்கான 1.25 மீட்டர் ஆழம் வரை. அடுத்தது 1.25-இலிருந்து அதன் கால்பங்கு வரை. பிறகு அதன் கால்பங்கு. இப்படியே மேலே போய்க்கொண்டிருக்கலாம். துண்டுகள் எண்ணற்றவை, எல்லாம் மேல்முனையை நோக்கி நெருங்கி அடைகின்றன.

கீழ்த்துண்டைக் கடக்கக் கல்லுக்கு அரை விநாடி ஆகிறது. விழுந்த தூரம் 5t² என்ற பழக்கமான சூத்திரத்தில் t = 0.5 போட்டால் 1.25 வருகிறது, அதனால் 1.25 முதல் 5 வரை உள்ள பயணம் மீதி அரை விநாடி. அதற்கு மேலே உள்ள துண்டைப் பாருங்கள். அதன் நீளம் கீழ்த்துண்டில் கால்பங்கு. அங்கே கல்லின் வேகமோ பாதிதான், ஏனென்றால் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. ஆழம் கால்பங்கானால் வேகம் பாதியாகும். கால்பங்கு தூரத்தைப் பாதி வேகத்தில் கடந்தால் ஆகும் நேரம் பாதி. ஆகவே இந்தத் துண்டுக்குக் கால் விநாடி. அதற்கு மேலே அரைக்கால் விநாடி. அதற்கும் மேலே அதில் பாதி.

அரை, கால், அரைக்கால் என்று பாதி பாதியாகக் கூட்டிக்கொண்டே போனால் 1-ஐத் தாண்டாது, 1-ஐ எவ்வளவு வேண்டுமானாலும் நெருங்கும். மேலே போகப் போகக் கல் மெதுவாகத்தான் இருக்கிறது. ஆனால் கடக்க வேண்டிய தூரம் அதைவிட வேகமாகச் சுருங்குகிறது. முடிவிலி என்பது கணக்கில் இருக்கத்தான் செய்கிறது. அது உட்கார்ந்திருக்கும் இடம் மிகக் குறுகலாக இருப்பதால் அதனால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

கலிலியோ எழுதிய கடிதம்

எல்லா முடிவிலியும் இப்படிப் பணிந்துபோகும் என்று நினைத்தால் தவறு. இதற்குச் சரித்திரத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 1604-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கலிலியோ, வெனிஸ் நகரத் துறவியும் அறிஞருமான பாவ்லோ சார்ப்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். விழும் பொருள் ஒன்று, 1, 4, 9, 16 என்ற வர்க்க எண்களின் கணக்கில் தூரத்தைக் கடக்கிறது என்பது அவருக்கு அப்போதே தெரியும். அதற்கு அடிப்படையாக ஒரு விதியைத் தேடியவர், விழும் பொருளின் வேகம் அது விழுந்த தூரத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது என்று எழுதினார். இரண்டு மடங்கு ஆழம் போனால் இரண்டு மடங்கு வேகம். கேட்பதற்கு இயல்பாகத்தான் இருக்கிறது. இன்றும் யாரையாவது திடீரென்று கேட்டால் இதைத்தான் சொல்வார்கள்.

இந்த விதியை நம் மாடிக்குக் கொண்டுவருவோம். தரையில் வேகம் அதே 10 ஆக இருக்க வேண்டும் என்பதால் வேகம் = 2y என்று வைப்போம். மறுபடி நாலில் ஒன்றாக வெட்டுவோம். ஒரு துண்டிலிருந்து அதற்கு மேலே உள்ள துண்டுக்குப் போனால் தூரம் கால்பங்கு. ஆனால் இப்போது வேகமும் கால்பங்கு. கால்பங்கு தூரத்தைக் கால்பங்கு வேகத்தில் கடந்தால் ஆகும் நேரம் கொஞ்சமும் குறையாது. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே நேரம், கணக்குப் போட்டால் ஏறக்குறைய 0.69 விநாடி. துண்டுகளோ எண்ணற்றவை. கூட்டுத்தொகைக்கு முடிவே இல்லை. கலிலியோவின் 1604 விதி உண்மையாக இருந்திருந்தால், கைவிட்ட கல் விழவே தொடங்காது.

இரண்டு விதிகளிலும் தொடக்கத்தில் வேகம் பூச்சியம்தான். இரண்டிலும் ‘மீட்டருக்கு இத்தனை விநாடி’ முடிவிலிதான். ஒன்றில் கல் ஒரு விநாடியில் தரையில். மற்றொன்றில் என்றென்றும் அந்தரத்தில். வித்தியாசம் முடிவிலியை அடைவதா இல்லையா என்பதில் இல்லை, எவ்வளவு வேகமாக அடைகிறது என்பதில் இருக்கிறது. ஒன்று 1/√y போல ஏறுகிறது, மற்றொன்று 1/y போல.

இரண்டாவது விதியில் ஒரு வேடிக்கையும் உண்டு. கல் சரியாகப் பூச்சியத்திலிருந்து புறப்படாமல், மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு ஏற்கெனவே இறங்கியிருந்தால், தரையை அடைய ஏறக்குறைய 7 விநாடிதான் ஆகும். அந்தத் தொடக்கத் தூரத்தை இன்னும் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தாலும் பத்தரை விநாடிக்குள் வந்துவிடும். நேரம் முடிவிலிக்குப் போகிறது என்பது உண்மை, ஆனால் நத்தை வேகத்தில் போகிறது. பின்னால் கணினியைப் பற்றிப் பேசும்போது இது நம்மை ஏமாற்றப் பார்க்கும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வளைகோட்டின் கீழே

கல்லை விட்டுவிட்டு இப்போது வரைபடத்துக்கு வருவோம். 1/√x, 1/x இரண்டையும் ஒரே தாளில் 0-க்கும் 1-க்கும் இடையே வரைந்தால், இரண்டும் x = 1 என்ற இடத்தில் உயரம் 1-இல் சந்திக்கும். இடப்பக்கம் நகர நகர இரண்டும் மேலே ஏறும். x = 0.01 என்ற இடத்தில் முதலாவதன் உயரம் 10, இரண்டாவதன் உயரம் 100. இடது ஓரத்தில் இரண்டுமே தாளைவிட்டு வெளியே போய்விடும். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே குடும்பம் போலத்தான் தெரியும். ஆனால் முதலாவதன் கீழுள்ள பரப்பு 2. இரண்டாவதன் கீழுள்ளது முடிவற்றது.

பள்ளியில் பரப்பை எப்படி வரையறுத்தோம் என்று நினைத்துப் பாருங்கள். எல்லையைச் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஏதாவது ஒரு புள்ளியில் உயரத்தை எடுத்து, செவ்வகங்களின் பரப்பைக் கூட்டினோம். துண்டுகள் மெலிய மெலிய, எந்தப் புள்ளியை எடுத்தாலும் ஒரே விடையை நெருங்க வேண்டும் என்பது ரீமான் 1854-இல் வைத்த நிபந்தனை. அந்த ‘எந்தப் புள்ளியை எடுத்தாலும்’ என்ற இடத்தில்தான் 1/√x காலை வாருகிறது. எல்லையை 100 துண்டாக வெட்டுகிறோம் என்று வையுங்கள். முதல் துண்டு 0 முதல் 0.01 வரை. அதில் யாரோ வேண்டுமென்றே x = 0.0000000001 என்ற புள்ளியை எடுக்கிறார். அங்கே உயரம் 1,00,000. அகலம் 0.01. அந்த ஒரு செவ்வகத்தின் பரப்பு மட்டும் 1,000. உண்மையான விடை 2 என்று நாம் நம்பிக்கொண்டிருக்க, கூட்டுத்தொகை ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. துண்டுகளை எவ்வளவு மெலிதாக்கினாலும் இந்தக் குறும்பைத் தடுக்க முடியாது; 0-ஐ இன்னும் நெருங்கி ஒரு புள்ளியை எடுத்தால் ஆயிற்று. அதனால், கண்டிப்பாகப் பேசினால், பள்ளி வரையறையின்படி இந்தத் தொகையீடே கிடையாது. ‘முறையற்ற’ என்ற அடைமொழி வந்தது இதனால்தான்.

வழி கண்டு வைத்தவர் பிரெஞ்சுக் கணிதர் கோஷி. 1823-இல் பாரிஸ் பல்தொழில் கல்லூரி மாணவர்களுக்காக அச்சான பாடச் சுருக்கத்தில் அவர் இத்தகைய தொகையீடுகளை எடுத்துக்கொண்டார். தொல்லை தரும் முனையை முதலில் விட்டுவிட வேண்டும். 0-இலிருந்து தொடங்காமல் a என்ற சிறிய எண்ணிலிருந்து 1 வரை தொகையிட வேண்டும். அங்கே சார்பு எங்கும் எகிறுவதில்லை, பழைய வரையறை ஒழுங்காக வேலை செய்யும். பிறகு a-ஐ 0-வை நோக்கி நகர்த்தி, விடை ஏதாவது ஒரு எண்ணில் நிலைகொள்கிறதா என்று பார்க்க வேண்டும். நிலைகொண்டால் அதுவே தொகையீட்டின் மதிப்பு. இல்லையென்றால் மதிப்பு இல்லை.

1/√x-க்கு a முதல் 1 வரை உள்ள பரப்பு 2 − 2√a. a = 0.01 என்றால் 1.8. a = 0.0001 என்றால் 1.98. பத்து லட்சத்தில் ஒன்று என்றால் 1.998. விடுபட்டது ஒவ்வொரு முறையும் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. 2 என்ற விடையில் ஐயமில்லை. 1/x-க்கு அதே பரப்பு a-இன் இயல் மடக்கையில் குறி மாற்றியது. அதே மூன்று a-க்களுக்கும் முறையே 4.6, 9.2, 13.8. ஒவ்வொரு முறையும் அதே 4.6 கூடுகிறது. இது எங்கும் நிற்காது.

கல்லின் மொழியிலும் கோஷியின் முறையைச் சொல்லிப் பார்க்கலாம். முதல் 5 சென்டிமீட்டரைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் மீதிப் பயணம் 0.9 விநாடி. முதல் அரை மில்லிமீட்டரை மட்டும் விட்டால் 0.99 விநாடி. பாதையில் நூற்றில் ஒரு பங்கான முதல் 5 சென்டிமீட்டருக்கு மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு செலவாகிறது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

வர்க்கமூலத்துக்கும் ஒன்றுக்கும் இடையே என்ன? 1/x-இன் அடுக்கை p என்று வைத்தால், p ஒன்றுக்குக் குறைவாக இருக்கும்வரை பரப்பு முடிவுள்ளது. அதன் அளவு 1/(1−p). p அரை என்றால் 2. 0.9 என்றால் 10. 0.99 என்றால் 100. வாசலை நெருங்க நெருங்கப் பரப்பு வீங்குகிறது, p = 1 ஆனதும் கதவு மூடிக்கொள்கிறது. அதற்கு மேல் 1/x², 1/x³ எல்லாம் இன்னும் மோசம். நடைமுறையில் வருகிற சார்புகள் இப்படிச் சுத்தமான அடுக்காக இருக்காது. அப்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: முனைக்குப் பக்கத்தில் அது எந்த அடுக்கைப் போல நடக்கிறது? 1/√(sin x) என்பது 0-க்குப் பக்கத்தில் 1/√x போலவே நடப்பதால் அதற்கு மதிப்பு உண்டு. 1/sin x, 1/x போல நடப்பதால் அதற்கு இல்லை.

ஊசலிடம் இந்த இரண்டு வகையும் ஒருசேர உண்டு. கம்பியில் கட்டிய குண்டு ஒன்று பக்கவாட்டில் ஏறி, ஒரு கணம் நின்று, திரும்பி வருகிறது. நிற்கும் இடத்தில் வேகம் பூச்சியம். அதற்குச் சற்று முன்னால் வேகம் மீதித் தூரத்தின் வர்க்கமூலத்தைப் போலக் குறைகிறது. ஆகவே நேரக் கணக்கில் வருவது 1/√x வகை. குண்டு குறித்த நேரத்தில் போய்த் திரும்பிவிடுகிறது. இப்போது குண்டை, விறைப்பான கம்பியில் நேர் உச்சி வரை சரியாக ஏறி நிற்கும் அளவுக்கு, ஒரு துளி கூடாமலும் குறையாமலும் தள்ளிவிடுகிறோம் என்று கற்பனை செய்யுங்கள். உச்சியில் குண்டைக் கீழே இழுக்கும் விசை பக்கவாட்டில் ஒன்றும் இல்லை. அங்கே நெருங்கும்போது வேகம் மீதித் தூரத்துக்கே நேர்விகிதமாகக் குறைகிறது. அதாவது 1/x வகை. அந்தக் குண்டு உச்சியை நெருங்கிக்கொண்டே இருக்கும், ஒருபோதும் போய்ச் சேராது. உண்மையான ஊசலில் உராய்வும் அதிர்வும் இதை நடக்கவிடாது என்பது வேறு விஷயம்.

தூரத்தை விட்டு நேரத்துக்கு

இத்தகைய கணக்கைப் போட ஆசிரியர்கள் ஒரு உத்தி சொல்லித்தருவார்கள். 1/√x-இல் x = t² என்று பதிலிடு. அப்போது dx என்பது 2t dt. 1/√x என்பது 1/t. இரண்டையும் பெருக்கினால் t அடிபட்டு வெறும் 2 dt மிஞ்சுகிறது. 0 முதல் 1 வரை 2-ஐத் தொகையிட்டால் 2. முடிவிலி எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, அளவுகோலை மாற்றினோம், அவ்வளவுதான். 0-க்குப் பக்கத்தில் நெருக்கிப்போட்டிருந்த இடத்தை t என்ற அளவுகோல் விரித்துக் காட்டுகிறது.

கல்லுக்கு இதையே செய்து பாருங்கள். y = 5t² என்று பதிலிட்டால், t என்பது வேறொன்றும் இல்லை, கடிகாரம் காட்டும் நேரம். வேகம் 10t ஆகிறது, dy என்பது 10t dt. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் மிஞ்சுவது dt மட்டும். புத்தகத்தில் தந்திரம் போலத் தெரிகிற பதிலீடு, இயக்கத்தைத் தூரத்தால் அளப்பதை விட்டுவிட்டு நேரத்தால் அளப்பதுதான்.

கலிலியோ கடைசியில் வந்து சேர்ந்ததும் இங்கேதான். 1638-இல் லைடன் நகரில் அச்சான அவருடைய ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலில், வேகம் விழுந்த நேரத்துக்கு நேர்விகிதம் என்று திருத்தி எழுதினார். அது உரையாடலாக அமைந்த நூல். சாக்ரேதோ என்ற பாத்திரம், வேகம் தூரத்தோடு கூடுகிறது என்று சொன்னால் என்ன என்று கேட்கிறது. சால்வியாத்தி என்ற பாத்திரம், நம் ஆசிரியரே சில காலம் அந்தப் பிழையில் இருந்தவர்தான் என்று பதில் சொல்கிறது. தன் பழைய தவறைத் தன் பாத்திரத்தின் வாயாலேயே சொல்லவைத்தார் கலிலியோ.

அந்தப் பிழையை மறுக்க அவர் சொன்ன வாதம்தான் எனக்கு இதில் மிகவும் சுவாரசியமானது. வேகம் தூரத்துக்கு நேர்விகிதம் என்றால், நான்கு முழம் விழும்போது உள்ள வேகங்கள் இரண்டு முழம் விழும்போது உள்ள வேகங்களைப் போல இரண்டு மடங்கு. ஆகவே இரண்டுக்கும் ஒரே நேரம் ஆக வேண்டும். ஒரே கல் இரண்டு முழத்தையும் நான்கு முழத்தையும் ஒரே நேரத்தில் கடப்பது, இயக்கம் கணநேரத்தில் நடந்தாலொழிய முடியாது. ஆகவே விதி தவறு என்றார். முதல் பாதி முழுக்கச் சரி. தூரமும் வேகமும் ஒரே விகிதத்தில் மாறினால் நேரம் மாறாது. நாம் நாலில் ஒன்றாக வெட்டிப் பார்த்ததும் இதைத்தான். ஆனால் இரண்டு நேரங்களும் சமமாக இருக்க இன்னொரு வழியும் உண்டு: இரண்டுமே முடிவிலியாக இருக்கலாம். இரண்டு முழத்துக்கு ஆன நேரத்தோடு, மீதி இரண்டு முழத்துக்கான நேரத்தையும் கூட்டினால் அதே நேரம் வர வேண்டும் என்றால், எந்தச் சாதாரண எண்ணும் அதற்கு ஒத்துவராது. கல் கணநேரத்தில் விழும் என்பதல்ல, விழவே விழாது என்பதே அந்த விதியின் உண்மையான விளைவு.

இதைக் கணக்காகக் காட்டும் கருவி அப்போது அச்சில் இல்லை. 1/x வளைகோட்டை விகித முறையில் வெட்டினால் ஒவ்வொரு துண்டின் பரப்பும் சமம் என்பதை, புரூஜ் நகரத்தில் பிறந்த யேசு சபைத் துறவி கிரெகரி செயின்ட் வின்சென்ட் 1647-இல் வெளியிட்டார். அதற்கும் மடக்கைக்கும் உள்ள உறவை அவருடைய மாணவர் சராசா 1649-இல் சுட்டிக்காட்டினார். கலிலியோ 1642-இலேயே இறந்துவிட்டார்.

விடை வரும், ஆனால் தவறு

இந்தப் பாடத்தில் மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 1/x² என்ற சார்பை −1 முதல் 1 வரை தொகையிடச் சொன்னால், பலர் சூத்திரத்தை எடுத்து நேராகப் போட்டுவிடுவார்கள். 1/x²-இன் தொகையீடு −1/x. x = 1 போட்டால் −1. x = −1 போட்டால் 1. கழித்தால் −2. காகிதத்தில் எங்கும் தவறு தெரியாது. ஆனால் 1/x² எங்கும் குறை எண்ணாகாது. முழு வளைகோடும் அச்சுக்கு மேலேதான் இருக்கிறது. மேலே இருக்கிற ஒன்றின் பரப்பு எப்படி −2 ஆகும்? நடுவில் x = 0 என்ற இடத்தில் சார்பு முடிவிலிக்குப் போவதைக் கவனிக்காமல் தாண்டிப் போனதன் விலை அது. அங்கே எல்லையை இரண்டாக வெட்டி, ஒவ்வொரு பக்கத்தையும் கோஷி சொன்னபடி தனித்தனியாக நெருங்கியிருந்தால், அடுக்கு 2 என்பதால் இரண்டு பக்கமும் முடிவற்றது என்று உடனே தெரிந்திருக்கும்.

கணினி இதைவிட நயமாக ஏமாற்றும். எல்லையைச் சம துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் நடுப்புள்ளியிலும் உயரத்தை எடுத்துக் கூட்டச் சொல்லுங்கள். 0 என்ற புள்ளியைத் தொடுவதே இல்லை என்பதால் பூச்சியத்தால் வகுத்த பிழையும் வராது. 1/√x-க்கு 100 துண்டில் 1.9395 வரும். 10,000 துண்டில் 1.99395. பத்து லட்சம் துண்டில் 1.999395. துண்டுகளை நூறு மடங்கு கூட்டினால் பிழை பத்தில் ஒன்றாகத்தான் குறைகிறது. சாதாரணச் சார்புக்கு இதே வேலையில் பிழை பத்தாயிரத்தில் ஒன்றாகியிருக்கும். விடை சரியானதுதான், வந்து சேரத் தாமதமாகிறது. முதலில் x = t² என்று பதிலிட்டுவிட்டுக் கணினியிடம் கொடுத்தால் ஒரே ஒரு துண்டிலேயே 2 வந்துவிடும்.

1/x-ஐ அதே நிரலில் போட்டாலும் கணினி முகம் சுளிக்காமல் விடை தரும்: 100 துண்டில் 6.57, 10,000 துண்டில் 11.17, பத்து லட்சத்தில் 15.78. 15.78 என்பது பார்வைக்குச் சாதாரண எண்தான். முடிவிலி என்று யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒரே ஒரு தடவை ஓட்டி, வந்த எண்ணை அப்படியே எழுதிக்கொள்பவர் நிச்சயம் மாட்டிக்கொள்வார். ஆகவே விடையைப் பார்க்காதீர்கள், விடைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 1/√x-இல் அந்த வித்தியாசம் ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒன்றாகச் சுருங்குகிறது. 1/x-இல் முதல் படிக்கும் 4.6, அடுத்த படிக்கும் 4.6. வித்தியாசம் சுருங்காவிட்டால் அந்தத் தொகையீட்டுக்கு மதிப்பு இல்லை என்று சந்தேகியுங்கள். பிறகு முனையில் சார்பு எந்த அடுக்கைப் போல ஏறுகிறது என்று கையால் போட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்கு ஒரு வரி எழுதினால் போதும்.